குறிப்பில் வரப்பு எங்கே? கிரிப்டிக் குறுக்கெழுத்தில் பொருளையும் சொல்விளையாட்டையும் பிரிக்கும் வழி

கடலூரிலிருந்து புதுச்சேரிக்குத் தினமும் பஸ்ஸில் போகிறவன் நான். என் அக்கா மகள் புதுச்சேரியில் கல்லூரியில் படிக்கிறாள். காலையில் மஞ்சக்குப்பத்தில் ரெண்டு பேரும் ஒரே பஸ்ஸில் ஏறுவோம். பெண்ணையாற்றுப் பாலம் வருவதற்குள் அவளுக்கு ஒரு குறுக்கெழுத்துக் குறிப்பு சொல்லிவிடுவேன், அரியாங்குப்பம் தாண்டுவதற்குள் அவள் விடை சொல்ல வேண்டும் என்பது எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. முதல் ரெண்டு மாதம் அவள் தடுமாறியதெல்லாம் ஒரே இடத்தில்தான். அவளுக்குச் சொல்வளம் குறைவு இல்லை. குறிப்பில் எந்தப் பாதி விடையின் பொருள், எந்தப் பாதி எழுத்து விளையாட்டு என்று பிரிக்கத் தெரியவில்லை. அவளுக்குச் சொல்லித் தந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். இதில் வரும் குறிப்புகள் எல்லாம் நான் அமைத்தவை.

சாதாரணக் குறுக்கெழுத்தில் "விலையுயர்ந்த கல் (3)" என்று கேட்பார்கள், வைரம் என்று எழுதிவிட்டுப் போகலாம். கிரிப்டிக் வகையில் அதே விடைக்குக் குறிப்பு இப்படி வரும்:

புதுவை ரம்பத்தில் சிக்கிய விலையுயர்ந்த கல் (3)

இதில் ரெண்டு துண்டு இருக்கிறது. "விலையுயர்ந்த கல்" என்பது விடையின் நேரான பொருள். "புதுவை ரம்பத்தில் சிக்கிய" என்பது விடையின் எழுத்துகளைத் தருகிற சொல்விளையாட்டு: புதுவை ரம்பத்தில் என்று சேர்த்துப் படித்தால் நடுவே வை, ர, ம் மூன்றும் வரிசையாகச் சிக்கியிருக்கின்றன. "சிக்கிய" என்பதுதான் "உள்ளே ஒளிந்திருக்கிறது, தேடு" என்று சொல்லும் சைகைச் சொல். ரம்பம், அறுப்பது, கல் என்று உங்கள் மனதில் ஒரு மரக்கடையோ பட்டறையோ தோன்றியிருந்தால் அது புதிர் அமைத்தவர் விரித்த படம். அந்தப் படத்துக்கும் விடைக்கும் ஒரு தொடர்பும் இல்லை.

ரெண்டு துண்டுக்கும் நடுவில் உள்ள இடத்தை நாங்கள் வரப்பு என்போம். இந்தப் பக்கம் ஒருவர் வயல், அந்தப் பக்கம் இன்னொருவர் வயல், வரப்பு மட்டும் பயிரில் மறைந்து கிடக்கிறது. அதைக் கண்டுபிடிப்பதுதான் வேலை.

நம்பிக்கையோடு பிடித்துக்கொள்ள ஒரு விதி

பொருள் பகுதி குறிப்பின் தொடக்கத்தில் இருக்கும், அல்லது முடிவில் இருக்கும். நடுவில் இருக்காது. லண்டன் அப்சர்வர் பத்திரிகைக்கு ஜிமெனீஸ் என்ற புனைபெயரில் புதிர் அமைத்த டி. எஸ். மக்நட் இந்த மாதிரி நெறிகளை ஒழுங்காக வகுத்தார். அவருக்குப் பின் அதே பத்திரிகைக்குப் புதிர் அமைத்த அசெட் அதை இப்படிச் சுருக்கினார்: ஒரு நல்ல குறிப்பில் சரியான பொருள் இருக்க வேண்டும், நேர்மையான சொல்விளையாட்டு இருக்க வேண்டும், அதற்கு மேல் எதுவும் இருக்கக் கூடாது. மூன்றாவது நிபந்தனையைப் பலர் கவனிக்காமல் விடுகிறார்கள். எனக்கு அதுதான் மூன்றிலும் பெரியது, ஏனென்றால் குறிப்பில் உள்ள ஒவ்வொரு சொல்லும் வரப்புக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ ஒரு வேலை செய்தாக வேண்டும் என்று அது நமக்கு உத்தரவாதம் தருகிறது. ரெண்டையும் ஒட்ட வைக்கும் ஓர் உருபோ இணைப்புச் சொல்லோ வரப்பின் மேலேயே உட்காரலாம், அவ்வளவுதான் சலுகை. ஒரு சொல் சும்மா நிற்கிறது என்றால் நீங்கள் போட்ட வரப்பு தப்பு, அல்லது குறிப்பே தப்பு.

இந்த விதியை வைத்துக் கணக்குப் போடலாம். ஆறு சொல் உள்ள குறிப்பில் வரப்பு விழக்கூடிய இடம் ஐந்து. ஒவ்வோர் இடத்திலும் பொருள் இடப்பக்கமா வலப்பக்கமா என்று ரெண்டு வழி. ஆக மொத்தம் பத்து வாசிப்பு. அகராதி முழுவதையும் துழாவுவதற்குப் பதில் பத்தே பத்துச் சாத்தியம், அதிலும் தமிழ் இலக்கணம் பாதிக்கு மேல் அடித்துவிடும்.

முதலில் கடைசிச் சொல்லைப் பாருங்கள்

தமிழில் அடைமொழி முன்னால் வரும், பெயர் பின்னால் வரும். "விலையுயர்ந்த கல்" என்போமே தவிர "கல் விலையுயர்ந்த" என்று சொல்ல மாட்டோம். இதனால் நமக்கு ஒரு பெரிய வசதி. பொருள் பகுதி முடிவில் இருந்தால், விடை என்ன வகைப் பொருள் என்பதைக் குறிப்பின் கடைசிச் சொல்லே சொல்லிவிடும். வைரக் குறிப்பில் கடைசிச் சொல் "கல்". சரி, விடை ஒரு கல்லாக இருக்கலாம். வரப்பு "விலையுயர்ந்த" என்பதற்கு முன்னால் விழுந்தாலும் பின்னால் விழுந்தாலும் விடை கல்தான், ஏதோ ஒரு கல். வரப்பு எங்கே என்று தெரியும் முன்பே தேட ஆரம்பித்துவிடலாம்.

பொருள் தொடக்கத்தில் இருந்தால் இந்த வசதி கிடையாது, ஏனென்றால் பொருளின் தலைச்சொல் வரப்புக்கு ஒட்டி, குறிப்பின் நடுவில் எங்கோ இருக்கும். அப்போது தேட வேண்டியது, உருபு எதுவும் ஏறாமல் நடுவில் வெறுமனே நிற்கும் ஒரு பெயர்ச்சொல்லை.

பாவிகள் சேருமிடம் கலைந்த நகரம் (4)

"சேருமிடம்" என்பதில் ஐ இல்லை, கு இல்லை, இல் இல்லை. அடுத்த சொல்லோடு இலக்கணம் எதுவும் அதை இறுகக் கட்டவில்லை. அங்கே வரப்புப் போட்டுப் பாருங்கள். இடது பக்கம் "பாவிகள் சேருமிடம்", வலது பக்கம் "கலைந்த நகரம்". ந, க, ர, ம் என்ற நாலெழுத்தைக் கலைத்தால் நரகம். பாவிகள் சேருமிடம் அதுதான்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. ஓரத்தில் உள்ள சொல் உருபு ஏறி அடுத்த சொல்லின் மேல் சாய்ந்திருந்தால், அது தனியாகப் பொருள் பகுதியாக இருக்க முடியாது. "கதைக்குள்..." என்று ஒரு குறிப்பு தொடங்கினால் "கதை" என்பது விடையின் பொருளாக இருக்காது. ஏனென்றால் பொருளும் விடையும் ஒரே இலக்கண வடிவில் இருக்க வேண்டும். பொருள் "கல்" என்றால் விடை வைரம், பொருள் "கல்லை" என்றால் விடை "வைரத்தை" என்று இருந்தாக வேண்டும். பொருள் ஏவல் வினையாக இருந்தால் விடையும் ஏவல் வினைதான். இந்த ஒரு சோதனையிலேயே பல தப்பு வரப்புகள் அழிந்துபோகும்.

கலைந்த, கலைந்து: ஓரெழுத்து வித்தியாசம்

ஆங்கிலத்தில் கிரிப்டிக் போட்டுப் பழகிவிட்டுத் தமிழுக்கு வருகிறவர்கள் சறுக்கும் இடம் இது. சைகைச் சொல்லைக் கண்டுபிடித்துவிடுவார்கள், அது இடப்பக்கச் சொல்லைக் கலைக்கச் சொல்கிறதா வலப்பக்கச் சொல்லையா என்பதில் குழம்புவார்கள். தமிழில் அந்தக் குழப்பத்துக்குப் பெரும்பாலும் தேவையே இல்லை, சொல்லின் வால் பதில் சொல்லிவிடும்.

"கலைந்த" என்பது பெயரெச்சம். அது வலப்பக்கம் உள்ள பெயரைத் தேடிப் போகும். "கலைந்த நகரம்" என்றால் கலைவது நகரம். "கலைந்து" என்பது வினையெச்சம். எது கலைந்தது என்று கேட்டால் பதில் இடப்பக்கம் இருக்கும்.

நரகம் கலைந்து மக்கள் நெருங்கி வாழுமிடம் (4)

இங்கே கலைவது நரகம், பொருள் "மக்கள் நெருங்கி வாழுமிடம்", விடை நகரம். மேலே பார்த்த அதே ஜோடிதான், ஆனால் "த" என்பது "து" ஆனதும் வேலை செய்யும் பக்கம் மாறிவிட்டது. திரும்பிய, திரும்பி. சிதறிய, சிதறி. குழம்பிய, குழம்பி. எல்லாவற்றுக்கும் இதே கணக்கு.

இதைச் சொன்னதும் அக்கா மகள் என்னை மடக்கினாள். "மாமா, அப்படின்னா வைரத்துல 'சிக்கிய' பெயரெச்சம்தானே, அது வலப்பக்கம் இருக்கிற கல்லைல்ல தேடிப் போகுது? எழுத்து இடப்பக்கம் இருக்கே?" சரியான கேள்வி. "ரம்பத்தில்" என்று இடப்பக்கச் சொல்லில் இல் உருபு ஏறியிருப்பதைப் பாருங்கள். "இன்ன இடத்தில் சிக்கிய" என்று வந்துவிட்டால், சிக்கியது எது என்பது வலப்பக்கம் இருக்கும், அதுதான் விடை, ஆகவே வலப்பக்கம் பொருள் பகுதி. எழுத்துகள் உருபு ஏறிய சொல்லில் இருக்கும். அதாவது பெயரெச்சத்தைக் கண்டால் அதற்கு முன்னால் உள்ள உருபையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

உருபை மட்டும் பார்த்தாலும் போதாது, அது எதன் மேல் ஏறியிருக்கிறது என்றும் பார்க்க வேண்டும்:

முதலை இழந்த முதலை உடம்பின் உச்சி (2)

முதல் "முதலை" என்பது விலங்கு இல்லை, முதல் + ஐ. எழுத்துகளில் முதலாவதைச் சொல்கிறது. ரெண்டாவது முதலைதான் விலங்கு. முதல் எழுத்தான மு போனால் மிஞ்சுவது தலை. உடம்பின் உச்சி அதுதான். இங்கே இடப்பக்கம் உள்ளது எழுத்து தருகிற சொல் இல்லை, எதை வெட்ட வேண்டும் என்று சொல்லும் சொல். அதனால் பெயரெச்சம் தன் வழக்கமான வேலையைச் செய்து வலப்பக்கச் சொல்லையே வெட்டுகிறது. தலை, முதல், கடை, கடைசி, வால், இடை, பாதி, உள்ளே, ஓரம் மாதிரி ஓர் இடப்பெயர் உருபோடு வந்தால் இந்த வகையா என்று யோசியுங்கள். ஒரே சொல் ரெண்டு தடவை வந்தாலும் யோசியுங்கள், ஒன்று அப்படியே, இன்னொன்று பிரித்துப் படிக்க என்று இருக்க வாய்ப்பு அதிகம்.

ஒற்று போடும் தையல்

சந்தி வரப்பை மறைத்துவிடும். "சிவா திரும்பிப் படி (2)" என்ற குறிப்பைப் பாருங்கள். திரும்பி என்பதோடு ப் சேர்ந்து அடுத்த சொல்லோடு தைத்துவிட்டது, படிக்கும்போது "திரும்பிப்படி" என்று ஒரே மூச்சில் வருகிறது, அதனால் அந்த இடத்தில் வரப்பு இருக்கும் என்று மனம் நினைப்பதே இல்லை. ஆனால் வரப்பு அங்கேதான். சிவா என்பதைத் திருப்பினால் வாசி. "படி" என்பது பொருள், ஏவல் வினை. விடையும் ஏவல் வினை.

மிகும் ஒற்று மேல்தோற்றத்துக்குச் சொந்தம், விளையாட்டுக்குச் சொந்தமில்லை. எழுத்து எண்ணும்போது அதை எடுத்துவிட்டு எண்ணுங்கள். உருபு ஏறும்போது மாறும் சொல்லையும் பழைய வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டியிருக்கும். "நகரத்தைக் கலைத்தால்" என்று வந்தால் கலைக்க வேண்டியது நகரம் என்ற நாலெழுத்தை, "நகரத்தை" என்பதையோ "நகரத்தைக்" என்பதையோ இல்லை. எது என்று சந்தேகம் வந்தால் அடைப்புக்குறிக்குள் உள்ள எண் தீர்த்து வைக்கும். நாலு என்று போட்டிருந்தால் நாலெழுத்து வடிவம்தான்.

மூன்றெழுத்து மட்டும் தேறுகிற மாதிரி "நகர மாற்றத்தில்" என்று ஒருவர் எழுதி, ம் தானாக வந்துவிடும் என்று எதிர்பார்த்தால் அதை நான் குறைபாடு என்றே சொல்வேன், இலக்கணப்படி அந்த ம் கெடுவது சரியாக இருந்தாலும் கூட. போடுகிறவருக்கு இல்லாத எழுத்தை எங்கிருந்து கொண்டுவருவது?

மேலே சொன்ன குறிப்பில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. வரப்பை "சிவா" என்பதற்கு அடுத்துப் போட்டாலும் ஓரளவு பொருந்துகிற மாதிரி தெரியும். சிவா பொருள், "திரும்பிப் படி" விளையாட்டு, அதாவது படி என்பதற்கு இணையான வாசி என்பதைத் திருப்பினால் சிவா. ஆனால் அப்போது விடை "சிவா" ஆகிவிடும், குறிப்பில் உள்ள சொல்லே விடையாக வராது. அந்த வாசிப்பு அத்தோடு செத்தது. ரெண்டு வரப்பும் பொருந்தி, இந்த மாதிரி ஒன்றைத் தள்ளவும் காரணம் கிடைக்காவிட்டால் எதையும் எழுதாதீர்கள், குறுக்கே வரும் சொல்லிலிருந்து ஓரெழுத்து கிடைக்கும் வரை காத்திருங்கள்.

ஒரு குறிப்பை முழுசாகப் பிரிப்போம்

இது பெண்ணையாறு பாலத்திலிருந்து தவளக்குப்பம் வரை எங்களை இழுத்த குறிப்பு:

முன்பு ஏரிக் கடைசியில் பண்ருட்டிக்காரர் விற்கும் பருப்பு (4)

முதல் தடவை படித்ததும் ஏரிக்கரை, கூடை, பருப்பு விற்கும் ஆள் என்று ஒரு காட்சி வருகிறது. அதை மறக்க வேண்டும். நான் செய்யச் சொல்வது, குறிப்பை ஒரு தாளில் சொல் சொல்லாக இடைவெளி விட்டு எழுதுவது. அப்படி எழுதினாலே காட்சி உடைந்துவிடும்.

ஆறு சொல், ஐந்து இடம். கடைசிச் சொல்லிலிருந்து ஆரம்பிப்போம். "பருப்பு" மட்டும் பொருள் என்றால் மீதி ஐந்து சொல்லும் எழுத்து தர வேண்டும். "பண்ருட்டிக்காரர்" என்பதிலிருந்து என்ன எடுப்பது? வெட்டச் சொல்லும் சைகை பக்கத்தில் இல்லை. "விற்கும்" என்பது எழுத்தைக் கொடுத்துவிடு, நீக்கிவிடு என்ற சைகையாக இருக்கலாமா? எதை விற்கிறார் என்று கேட்டால் பருப்பை, ஆனால் அதைப் பொருள் என்று ஒதுக்கிவிட்டோம். அப்போது விற்பதற்கு ஒன்றும் இல்லை. இந்த வரப்பு நிற்காது.

"விற்கும் பருப்பு" என்று ஒரு சொல் இடதுபக்கம் நகர்த்தினால், "பண்ருட்டிக்காரர்" வரப்புக்கு அந்தப் பக்கம் தனியாக மாட்டிக்கொள்கிறார். பண்ருட்டிக்காரர் என்ற ஒன்பது எழுத்தும் விளையாட்டுக்குள் வந்தால் விடை நாலெழுத்தாக இருக்கக் குறைந்தது ஐந்தையாவது கழிக்க வேண்டும், அதற்கும் சைகை இல்லை. இதுவும் போச்சு.

இப்போது எதிர்முனை. "முன்பு" பொருளாக இருக்கலாமா? நாலெழுத்தில் "முன்னர்" உடனே நினைவுக்கு வரும், அதுவும் நாலெழுத்தில் பொருந்துவதால் ஆசை காட்டும். அக்கா மகள் அதைத்தான் முதலில் சொன்னாள். "சரி, மு ன் ன ர் நாலும் மீதிச் சொற்களிலிருந்து வருதான்னு காட்டு" என்றேன். ஏரிக் கடைசி, பண்ருட்டிக்காரர், பருப்பு, எதிலும் ன் இல்லை. பொருள் பொருந்துவதால் மட்டும் விடை ஆகிவிடாது, எழுத்தும் வந்து சேர வேண்டும். "முன்பு ஏரிக்" என்று சேர்த்தால் பொருளே இல்லை. "முன்பு ஏரிக் கடைசியில்" என்பது பொருள் என்றால் விடையும் "-இல்" என்பது மாதிரி ஓர் இடத்தைச் சுட்ட வேண்டும், நாலெழுத்தில் அப்படி எதுவும் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

மிஞ்சியது "கடைசியில்" என்பதற்கு அடுத்து விழும் வரப்பு, பொருள் வலப்பக்கம். "பண்ருட்டிக்காரர் விற்கும் பருப்பு". இதைத் தனியாகப் படியுங்கள். கடலூர் மாவட்டத்தில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான். ஆனால் உடனே எழுதாமல் மறுபக்கத்தைச் சரிபார்க்க வேண்டும். முன்பு என்றால் முந்தி, "முந்தி நாங்க ஓல்டு டவுன்ல இருந்தோம்" என்று சொல்வோமே, அந்த முந்தி. ஏரி என்ற சொல்லின் கடைசி ரி, ஏரிக் என்பதில் உள்ள க் மிகுந்த ஒற்று, அதை எடுத்தாயிற்று. முந்தி + ரி, முந்திரி. நாலெழுத்து. இல் என்ற உருபு வரப்பின் மேல் உட்கார்ந்து ரெண்டு பக்கத்தையும் ஒட்டுகிறது. சும்மா நிற்கும் சொல் ஒன்றும் இல்லை.

எழுதும்போது இவ்வளவு நீளமாக இருக்கிறது, பழகினால் அரை நிமிடத்தில் நடந்துவிடும். தள்ளுவதற்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது என்பதைக் கவனியுங்கள். "மனதுக்குப் படவில்லை" என்று எதையும் தள்ளவில்லை.

சைகை மாதிரி இருக்கும், சைகை இல்லை

திரும்பிய, கலைந்த, புரட்டிய என்ற சொற்களைக் கண்டதும் பேனாவைத் தூக்கும் பழக்கம் நாலைந்து வாரத்தில் வந்துவிடும். அப்போது இந்த மாதிரிக் குறிப்பு மாட்டிவிடும்:

பிறர் தூண்டாமலே கடலூரைப் புரட்டிய புயல் (2)

"கடலூரைப் புரட்டிய" என்றதும் கடலூர் என்பதைத் தலைகீழாக எழுதிப் பார்ப்பார்கள். எண்ணைப் பாருங்கள், விடை ரெண்டு எழுத்து. கடலூர் நாலு. புரட்டினாலும் கலைத்தாலும் நாலு நாலுதான். வெட்டச் சொல்லும் சொல்லும் இல்லை. ஆகவே புரட்டிய என்பது உண்மையாகவே புரட்டியதைத்தான் சொல்கிறது, 2011 டிசம்பர் 30 அன்று நமக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையைக் கடந்த தானே புயல். இடப்பக்கம் "பிறர் தூண்டாமலே", அதாவது தானே. ரெண்டு பக்கமும் பொருள்தான், எழுத்து விளையாட்டே இல்லை. இரட்டைப் பொருள் வகை இது. இதற்கும் வரப்பு உண்டு, ஆனால் எந்தப் பக்கத்தையும் உடைக்கக் கூடாது. குறிப்பு சின்னதாக இருந்து, சைகை என்று உறுதியாகச் சொல்ல ஒரு சொல்லும் கிடைக்காவிட்டால் இந்த வகையை முதலில் சோதித்துவிடுங்கள்.

வரப்பே இல்லாத வகை ஒன்றும் உண்டு. "இதை உரித்தவர்தான் அழ வேண்டும் (5)" என்றால் முழுவதும் பொருள்தான், நம் விடுகதை மாதிரி. வெங்காயம். எந்த இடத்தில் வெட்டினாலும் ஒரு பக்கம் அர்த்தமில்லாமல் போவதுதான் இதற்கு அடையாளம்.

காற்புள்ளியை நம்பாதீர்கள்

கதைக்குள் விடுதலையின் தொடக்கம், புதுவையில் பாரதி எழுதியது (3)

இதில் காற்புள்ளி வரப்பில் சரியாக விழுந்திருக்கிறது, ஆனால் அது விதி இல்லை. காற்புள்ளி, கேள்விக்குறி, ஆச்சரியக்குறி எல்லாம் மேல்தோற்றத்துக்காக எங்கே வேண்டுமானாலும் போடுவார்கள், வேண்டுமென்றே தப்பான இடத்திலும் போடுவார்கள். இலக்கணத்தைப் பாருங்கள். "கதைக்குள்" என்பதில் உருபு ஏறியிருக்கிறது, ஓரத்தில் இருந்தாலும் அது பொருள் இல்லை. க்குள் என்பது ஒன்றுக்குள் இன்னொன்றை வைக்கச் சொல்லும் சைகை. எதை வைப்பது? விடுதலையின் தொடக்கம், வி. க, தை என்ற ரெண்டுக்கும் நடுவே வி போனால் கவிதை. 1908 முதல் 1918 வரை பாரதி புதுச்சேரியில் இருந்தார், அங்கே அவர் எழுதியதில் கவிதையும் உண்டு, பொருள் சரி.

இதில் என் அக்கா மகள் கேட்டது, "'புதுவையில்' எதுக்கு மாமா? பாரதி எழுதியதுன்னாலே போதுமே?" போதும். அந்தச் சொல் பொருள் பகுதிக்குள் இருப்பதால் அது பொருளைப் பொய்யாக்காத வரை குறையில்லை. விளையாட்டுப் பகுதிக்குள் இருந்திருந்தால் ஓரெழுத்தாவது தந்தாக வேண்டும். ரெண்டு பக்கத்துக்கும் கணக்கு ஒன்றில்லை: பொருள் பகுதியில் கொஞ்சம் விரிவு தாங்கும், விளையாட்டுப் பகுதியில் ஒரு சொல் கூட மிகையாக நிற்க முடியாது.

போன வாரம் அவளே ஒரு குறிப்பு அமைத்துக்கொண்டு வந்தாள். "திருப்பாதிரிப்புலியூருக்குள் ரயிலில் புகுந்த கொடிய விலங்கு (2)." புலி என்று உடனே தெரிகிறது. "ரயில் எந்தப் பக்கத்து வயல்?" என்று கேட்டேன். அவளே அதை அடித்துவிட்டாள். அப்புறம் இன்னொன்றும் சொன்னேன். அந்த ஊர்ப் பெயரில் உள்ள புலி, புலிக்கால் முனிவரின் புலியேதான், அதே பொருளில் ஒளித்தால் ஒளித்ததாகவே ஆகாது. பஸ் அரியாங்குப்பம் தாண்டி, முருங்கப்பாக்கத்தில் கூட்டம் ஏறும் வரை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு நோட்டில் எழுதிக் காட்டினாள்:

திருப்பாதிரிப்புலியூருக்குள் புகுந்த மதகுரு (3)

பாடலீஸ்வரர் கோயில் தலமரத்தின் பெயர் பாதிரி, ஊர்ப் பெயரில் இருப்பது அந்த மரம். அவள் குறிப்பில் வருவது தேவாலயத்துப் பாதிரி. க்குள் எங்கே தேடுவது என்று சொல்கிறது, "புகுந்த" என்ற பெயரெச்சம் வலப்பக்கம் உள்ள பொருளைப் பிடிக்கிறது, மூன்று சொல்லுக்கும் வேலை இருக்கிறது. நோட்டை வாங்கி "புகுந்த" என்பதற்கும் "மதகுரு" என்பதற்கும் நடுவில் ஒரு கோடு போட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.